இரண்டாம் பக்கத்தில் திறக்கும் கோப்பு

கறம்பக்குடி கடைவீதியில் பல வருடங்களாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், மாணவர்களின் புராஜெக்ட் என்று வேலை வரும். முகூர்த்த மாதங்களில் கல்யாண மண்டபத்து டிவியில் தானாக ஓடும் படத்தொகுப்பும் செய்து கொடுப்பேன். வீடியோவாகச் செய்தால் நேரமும் கூலியும் அதிகமாகும் என்பதால் பலரும் பிடிஎஃப் போதும் என்பார்கள். அதற்கு நான் செய்கிற வேலை எப்போதும் ஒரே வரிசைதான். கோப்பின் பிராப்பர்ட்டீஸில் இனிஷியல் வியூ என்றொரு பகுதி இருக்கிறது. அதில் கோப்பு எந்தப் பக்கத்தில் திறக்க வேண்டும், எந்த அளவில் தெரிய வேண்டும், முழுத்திரையாகத் திறக்க வேண்டுமா என்று மூன்றையும் குறித்துவிடலாம். குறித்ததும் ஒன்றும் மாறிவிடாது. சேமித்து, மூடி, மறுபடி திறந்தால்தான் தெரியும்.

அளவை நான் எப்போதும், முழுப் பக்கமும் திரைக்குள் அடங்குகிற ஃபிட் பேஜ் என்றுதான் வைப்பேன். முழுத்திரைக்குப் போகும் கோப்பைத் திறக்கும்போது, போகலாமா என்று கணினி ஒரு கேள்வி கேட்கும். ஒரு மண்டபத்தில் யாரோ பயந்துபோய் ‘நோ’ என்று அழுத்திவிட்டார்கள். அந்தக் கோப்பில் நான் அளவைக் குறித்திருக்கவில்லை. ஜன்னலுக்குள் படம் பெரிதாகத் திறந்து, மாப்பிள்ளைக்கு நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லாமல் பந்தி முடியும் வரை நின்றது. அன்றிலிருந்து ஃபிட் பேஜ்.

பக்கங்கள் தானாக நகர்வதற்கு வேறொரு இடம் இருக்கிறது. பக்க மாற்றத்துக்கான அமைப்பில் ஆட்டோ ஃபிளிப் என்பதைத் தேர்ந்து, எத்தனை நொடி, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று கொடுக்க வேண்டும். அது கோப்போடு போகும். ஆனால் கடைசிப் பக்கம் முடிந்ததும் திரும்ப ஓடுவதற்கான லூப் கோப்பில் ஏறாது. அது ஓடுகிற கணினியின் பிரிஃபரன்ஸஸில் இருப்பது. மண்டபத்துக்கு நானே போய் அங்குள்ள கணினியில் அதை டிக் செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என் மகளுக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவள் கொல்லையில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் படித்தவன். இருந்தும் சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் திணித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வந்தது. தஞ்சாவூரில் டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். வேளை தவறாமல் சாப்பிட்டால் மற்ற பிள்ளைகள் போல இருக்கலாம் என்றார். அதன் பிறகு வரவில்லை. அவளும் மற்ற பிள்ளைகள் போலத்தான் இருந்தாள். நான்தான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் வீட்டில் இரண்டு பேர் உறுதியாக இருந்தார்கள். என் மனைவிக்கு அவளுடைய காரணம். “பொம்பளப் புள்ளைங்க. இப்ப ஒரு வாய் பேசுனா இன்னும் பத்து வருசத்துக்குப் பேசுவாங்க” என்பாள். மகளுடைய காரணம் வேறு. “என்னப் பாக்குறப்பல்லாம் விழுவாளா விழுவாளான்னு பாப்பாங்கப்பா. நீங்க பாக்குறீங்கல்ல, அது மாதிரி” என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவள் ஒன்பதாவது படித்த அந்த வருடம் புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் மாவட்ட அறிவியல் கண்காட்சி நடந்தது. மகளின் மாதிரி தேர்வாகியிருந்தது. மாடியில் விழும் மழைநீரைக் கூழாங்கல், கரி, மணல் வழியாக வடித்து, வற்றிப்போன போர்வெல்லுக்குள் இறக்குகிற அமைப்பு. மாதிரிக்குப் பின்னால் ஒரு திரையில் விளக்கப் படங்கள் தானாக ஓட வேண்டும். இரண்டு நாள், காலை முதல் மாலை வரை. அவளுடைய அறிவியல் டீச்சர் கூடப் போகிறார். ஆனால் அவருக்கு அங்கே நடுவர்களைக் கவனிக்கிற பொறுப்பும் இருந்தது. முற்பகலில் பெற்றோருக்கு உள்ளே இடமில்லை, பதினொன்றரைக்கு மேல்தான் பொதுமக்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

காலை பத்திலிருந்து பதினொன்றரை. அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு வாரமாக என் தலைக்குள் இருந்தது. அதிகாலையில் எழுந்து, பஸ்ஸில் நின்று, வெறும் வயிறும் பரபரப்புமாக அவள் அங்கே நிற்பாள். விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நான் செய்ததைத்தான் செய்வார்கள்.

டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் ஸ்டால் எண்ணைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. தட்டச்சு செய்ய வந்தது.

கண்காட்சிக்கு ஒரு ஸ்டாலுக்கு ஒரு கோப்பு என்று விதி. எல்லாப் பள்ளிகளின் கோப்புகளும் ஸ்டால் எண்ணோடு ஒரே பென் டிரைவில் போகும். கூட ஒரு கடிதம், ஒரு குறிப்பு என்று எதையும் வைக்க முடியாது. தாளில் எழுதிக் கொடுத்தால் டீச்சரின் பையில் எங்கேயாவது போய்விடும். அல்லது மகளின் கண்ணில் படும். கோப்பு மட்டும்தான் நிச்சயமாகப் போய்ச் சேரும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அவள் செய்து முடித்திருந்த பதினைந்து பக்கங்களுக்கு முன்னால், அவளுக்குத் தெரியாமல், ஒரு பக்கம் சேர்த்தேன்.

‘ஆசிரியர் கவனத்திற்கு’ என்று தலைப்பு வைத்தேன். என் மகளுக்கு வலிப்பு நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள் என்று எழுதினேன். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். நேரம் பார்க்கவும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108க்கு அழைக்கவும். கீழே என் செல் எண். டீச்சருக்குக் கண்ணாடி போட்டும் சிறிய எழுத்து தெரியாது என்பதால் பெரிய எழுத்தில் வைத்தேன்.

பிறகு இனிஷியல் வியூவில், திறக்க வேண்டிய பக்கம் இரண்டு என்று கொடுத்தேன். ஃபிட் பேஜ். முழுத்திரை. ஆட்டோ ஃபிளிப்பைப் பன்னிரண்டு நொடி என்று வைத்து, இரண்டிலிருந்து பதினாறு வரை மட்டும் கொடுத்தேன். முதல் பக்கத்துக்கு நேரம் கொடுக்கவில்லை. டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கும்போது அது பாட்டுக்கு நகர்ந்துவிடக் கூடாதே. அவர் படித்து முடிக்கும் வரை அது நிற்க வேண்டும்.

சேமித்து, மூடி, திறந்தேன். இரண்டாம் பக்கத்தில், மகள் வரைந்த மொட்டை மாடியோடு, திரை நிறையத் திறந்தது. கடைசி வரை இருந்து பார்த்தேன். பதினாறாம் பக்கத்தில், மகளின் பள்ளிப் பெயரோடு, நின்றது. என் கடைக் கணினியில் லூப் டிக் செய்யப்பட்டிருக்கவில்லை. எனக்கு அங்கே அது தேவைப்பட்டதே இல்லை. மண்டபக் கோப்புகள் எல்லாம் ஒன்றாம் பக்கத்தில் திறந்து ஒன்றாம் பக்கத்துக்கே திரும்பியவை. திறக்கும் பக்கம் வேறு, திரும்பும் பக்கம் வேறு என்று நினைக்க இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

கோப்பைப் பென் டிரைவில் டீச்சரிடம் சேர்ப்பித்துவிட்டு, சாயங்காலம் அவருக்குப் போன் செய்து, “மொதப் பக்கத்துல ஒங்களுக்கு ஒரு குறிப்பு வச்சிருக்கேன் டீச்சர். ஷோ ரெண்டாவது பக்கத்துலருந்துதான் ஓடும். நேரம் இருக்கப்ப பாருங்க” என்றேன்.

“சரிங்க சார், பாத்துர்றேன்” என்றார். பென் டிரைவை அவர் அதற்குள் திறந்து பார்க்காமலே கண்காட்சிக்குக் கொடுத்தனுப்பிவிட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது.

கண்காட்சியன்று ஒன்பதரை மணிக்கு ஸ்டாலில் இருந்தேன். அமைத்துக் கொடுக்க மட்டும் பத்து மணிக்கு முன்பு பெற்றோரை விட்டார்கள். மேசைக்கு அடியில் துணிக்குப் பின்னால் கணினி, மாதிரிக்குப் பின்னால் சற்று உயரத்தில் மானிட்டர். மகள் திரைக்கு முதுகு காட்டி, வருகிறவர்களைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தக் கணினியின் பிரிஃபரன்ஸஸைத் திறந்து, ஃபுல் ஸ்கிரீன் பகுதியில் லூப்பை டிக் செய்தேன். திரை தூங்கிவிடாதபடி மாற்றினேன். கோப்பைத் திறந்தேன். முழுத்திரைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு ‘யெஸ்’ கொடுத்தேன். மொட்டை மாடி வந்தது.

பிள்ளைகள் மவுஸைத் தொட்டால் பக்கம் தாவும், எஸ்கேப்பைத் தட்டினால் முழுத்திரை போய்விடும். அதனால் கீபோர்டையும் மவுஸையும் கழற்றிச் சுருட்டி, அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன்.

“எல்லாரும் கேபிள் பத்தலன்னு வந்து நிக்கிறாங்க. நீங்க ஒரு ஆளுதாண்ணே திருப்பிக் குடுக்குறீங்க” என்றார் அவர்.

மகள், “கெளம்புங்கப்பா. மாத்திர போட்டேன், இட்லி சாப்ட்டேன், தண்ணி இருக்கு. வேற?” என்றாள்.

மூன்றாவது பக்கம் வரை நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பதினொன்றரை வரை கீழராஜவீதியில் கடைக்குத் தாள் விலை விசாரித்தேன். போன் வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன். திரும்பி வந்து அரங்கத்தின் வாசலிலிருந்தே ஸ்டாலைப் பார்த்தேன். மகள் நின்றுகொண்டிருந்தாள். அது போதும் என்றுதான் முதலில் இருந்தது. பிறகுதான் அவளுக்குப் பின்னால் திரை கறுப்பாக இருப்பது தெரிந்தது.

அவளுக்கு முன்னால் நடுவர்கள் இருவரும் ஏழெட்டு மாணவிகளும் நின்றார்கள். அவள் ஒரு குவளையால் மாதிரியின் மாடியில் தண்ணீர் ஊற்றி, மணல் அடுக்கைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கவாட்டில் போய் மேசைக்குப் பின்னால் நுழைந்தேன். கணினியின் விளக்கு எரிந்தது. மின்சாரம் இருக்கிறது, மானிட்டர்தான் அணைந்திருக்கிறது. கையை நீட்டினேன்.

“ஆஃப்லயே இருக்கட்டும்ப்பா” என்றாள், திரும்பாமல்.

அதற்குள் அழுத்திவிட்டேன்.

திரை மெதுவாக வெளிச்சமானது. மொட்டை மாடி வரவில்லை. ‘ஆசிரியர் கவனத்திற்கு’ வந்தது. டீச்சருக்காக வைத்த பெரிய எழுத்தில், அரங்கத்தின் பாதி வரை தெரியும்படி, நான் எழுதிய ஒவ்வொரு வரியும் நின்றது. பன்னிரண்டு நொடி கழித்தும் நின்றது. நகர அதற்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. நகர்த்த மவுஸ் இல்லை. நான் செய்தவற்றில் எதுவும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் நான் சொன்னபடியே வேலை செய்துகொண்டிருந்தது.

மகள் என் கையை விலக்கி, பொத்தானை அழுத்தித் திரையை அணைத்தாள். பிறகு நடுவர்கள் பக்கம் திரும்பி, “கரி அடுக்கு வாடைய எடுத்துரும் சார்” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். குரல் ஒரு வரிக்கு மட்டும் மேலே போய்ப் பின்பு இறங்கியது. நடுவர்களில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மணலை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கேட்டார். ஆறு மாதம் என்றாள்.

நான் மேசைக்குப் பின்னால் நின்றேன்.

நடந்ததை டீச்சர் சொன்னார். முதல் சுற்று மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கிறது. அரங்கத்தில் அப்போது ஆளில்லை. திறப்பு விழாவுக்காக எல்லோரும் வெளியே நின்றார்கள். பத்து மணிக்கு உள்ளே வந்த மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் டீச்சர்களும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். மகள் அதற்கு முதுகு காட்டி நின்று, வந்தவர்கள் எல்லாம் ஏன் இப்படிக் கவனமாகப் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். பத்தரை வாக்கில் இரண்டு மாணவிகள் அவள் தோளுக்கு மேலே பார்த்து உதட்டை அசைத்துப் படிப்பதைக் கவனித்துத் திரும்பினாள். முழுதும் படித்தாளாம். பிறகு அணைத்தாளாம்.

“எங்கிட்ட நேரா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்” என்றார் டீச்சர். “எங்க வீட்லயும் இது உள்ள ஆளு இருக்கு. எனக்குப் பழக்கம்தான்.”



ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

“நம்ம ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டு பேரு பாத்துட்டாங்க” என்றாள், ஆலங்குடி தாண்டிய பிறகு. “திங்கக்கெழம எல்லாருக்கும் தெரிஞ்சுரும்.”

“தப்புதான் ஆத்தா. லூப்பு ஒண்ணாம் பக்கத்துக்குப் போவும்னு நான்…”

“லூப்ப விடுங்கப்பா. லூப்பு சரியாத்தான் போச்சு.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். “டீச்சருக்குச் சொல்லணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கணும்ல. நான் வேணாம்னு சொல்லியிருப்பேன். நீங்க சண்ட போட்டிருப்பீங்க. அப்பறம் சரின்னு சொல்லியிருப்பேனா இருக்கும். அதுக்குக்கூட நேரம் குடுக்கல நீங்க.”

சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்தோம். அவளே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கோப்பைத் திறந்து, எஸ்கேப் தட்டி வெளியே வந்து, முதல் பக்கத்தை நீக்கினாள். நீக்குவதற்கு முன் இன்னொரு முறை படித்தாள். “வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு என்ன வச்சீங்க?” என்றாள்.

“கையிலதான். சாவி.”

“கடச் சாவியா?”

“ஆமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். என்னை மன்னிக்க அவளுக்கு அப்போது மனமில்லை.

பக்கம் நீங்கியதில் இனிஷியல் வியூவில் திறக்கும் பக்கம் ஒன்று என்று மாறியிருக்கிறதா எனச் சரிபார்த்தாள். ஃபிட் பேஜ், முழுத்திரை இரண்டையும் பார்த்தாள். ஆட்டோ ஃபிளிப்பை எல்லாப் பக்கங்களுக்கும் கொடுத்தாள். “இந்த மிஷின்லயும் லூப்ப டிக் பண்ணுங்க” என்றாள். பண்ணினேன். சேமித்து, மூடி, திறந்தாள். பதினைந்து பக்கங்களும் ஓடி, கடைசிப் பக்கத்திலிருந்து மொட்டை மாடிக்கு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சுற்றும் பார்த்தோம். ஆறு நிமிடம் இரண்டு பேரும் மழைநீர் போர்வெல்லுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நாளைக்கு நீங்க வர வேணாம். பென் டிரைவ்ல நானே எடுத்துட்டுப் போயி லூப்பும் போட்டுக்குவேன். டீச்சர்ட்டயும் நானே பேசிக்கிறேன்” என்றாள்.

“அவங்கதான் படிச்சுட்டாங்களே.”

“அது நீங்க எழுதுனது.”

வீட்டில் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, “எத்தன பேரு பாத்திருப்பாங்க?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அந்தக் கேள்வியை இப்போதும் சில சமயம் கேட்கிறாள். நானும் சில சமயம் எண்ணிப் பார்க்கிறேன்.

மறுநாள் நான் போகவில்லை. ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன்கள் வரிசையைத் திருத்தினேன். மூன்று முறை திருத்தியும் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில் செல்லை மேசை டிராயருக்குள் வைத்திருந்தேன். கையில் இருந்தால் போன் செய்துவிடுவேன்.

அவள் ஆறு மணிக்கு முன்னால் கடைக்குள் வந்தாள். பரிசு இல்லை. வேறொரு பள்ளியின் சோலார் அடுப்புக்குப் போய்விட்டது. திரை நாள் முழுக்க ஒழுங்காக ஓடியதென்றாள். டீச்சரிடம் பேசினாளா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அவளே ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தாள். ஏதோ பள்ளி நோட்டில் கிழித்தது. அதில் ஒரு செல் எண் இருந்தது.

“நேத்து அதப் படிச்ச ஒரு பொண்ணு, மீமிசல் பக்கம். அவ தம்பிக்கும் இருக்காம். இன்னிக்கு அவுங்க அம்மாவக் கூட்டிட்டு வந்தா. எந்த டாக்டர், என்ன மாத்திரன்னு கேட்டாங்க. ஒங்ககிட்டப் பேசணுமாம்.”

“என் நம்பர்தான் அந்தப் பக்கத்துலயே இருந்துச்சே.”

“அத யாரு எழுதி வச்சிருப்பா? இன்னிக்குக் கேட்டாங்க. ஒங்களக் கேக்காம ஒங்க நம்பரக் குடுக்கக் கூடாதுல்ல. அதான் அவுங்க நம்பர வாங்கிட்டு வந்தேன்.” சொல்லிவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். “பேசுறீங்களா, வேணாமா? ஒங்க இஷ்டம்தான்.”

பேசுகிறேன் என்றேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளைக் கேட்டேன். சற்று யோசித்து, டாக்டரைச் சொல்லலாம், மாத்திரையை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கொல்லையில் விழுந்ததைச் சொல்லலாம், தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்து, யாருங்க என்றார். “எம் மகளுக்கு வலிப்பு இருக்குங்க” என்று தொடங்கினேன்.